தாத்தா திதி எப்போ: ஆகஸ்ட் 27ஆ, ஆவணி தேய்பிறை அஷ்டமியா?

தாத்தா தவறுனது 2024 ஆகஸ்ட் 27, ராத்திரி 12.40க்கு. சாயங்காலம்தான் கோகுலாஷ்டமிக்கு வாசல்ல குட்டிப் பாதம் போட்டிருந்தோம், மாவு கூட அழியல. டெத் சர்ட்டிபிகேட்ல 27னு இருக்கவும் சித்தப்பா தினசரி காலண்டர்ல 27ஆம் தேதி தாளைப் பாத்து "நவமி"ன்னு டைரில எழுதிட்டார். முதல் தப்பே அங்கதான். பஞ்சாங்கத்துல நாள் நடுராத்திரில மாறாது, விடிஞ்சாதான் மாறும். திதிக்கோ உயிர் போன நேரம்தான் கணக்கு. திருக்கணிதப்படி அஷ்டமி விடிகாலை 2.19 வரைக்கும் இருந்துச்சு, ஆக தாத்தாவுக்கு ஆவணி மாசம், தேய்பிறை அஷ்டமி.

அடுத்த வருஷம்தான் கூத்து. இங்கிலீஷ் தேதியே போதும்னு தம்பி சொன்னான், ஆபீஸ்ல லீவு சொல்ல ஈஸி, யாருக்கும் மறக்காது, அதெல்லாம் சரிதான். ஆனா 2025 ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, அதாவது வளர்பிறை நாலாம் நாள், தாத்தா போன அன்னைக்கு இருந்த நிலாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

எதிர்வீட்டு தெலுங்குக்காரங்க "உங்களுக்கு ஆகஸ்ட் 16தானே"ன்னாங்க. அவங்க மாசத்தையும் நிலாவை வெச்சே எண்ணுவாங்க, அதனால சிராவண மாச தேய்பிறை அஷ்டமி, அதே கோகுலாஷ்டமி நாள்தான் அவங்களுக்கு. நம்ம வழக்கத்துல மாசம் சூரியனோடது, திதி மட்டும்தான் நிலாவோடது. 2025ல ஆவணி பொறந்தது ஆகஸ்ட் 17, அஷ்டமி முந்தின நாளே ஆடி கடைசில முடிஞ்சுபோச்சு. ஒரே ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனா அடுத்த தேய்பிறை அஷ்டமிக்கு செப்டம்பர் 14, ஆவணி 29 வரைக்கும் காத்திருந்தோம், 2026ல அது செப்டம்பர் 4க்கு வந்துடுது. நிலாவோட பன்னெண்டு மாசம் 354 நாள்தான், அதனால வருஷத்துக்கு பத்து பதினோரு நாள் முன்னாடி நகரும், மாசத்தை விட்டு வெளிய போயிடுச்சுன்னா ஒரே குதியா பின்னாடி தாவும்.

ஒரே மாசத்துல அதே திதி ரெண்டு தடவை வந்தா பொதுவா பின்னதைத்தான் எடுப்பாங்க. திதி ரெண்டு நாள்ல பாதி பாதியா விழுந்தா பகலை அஞ்சா பிரிச்சு நாலாவது பங்குல, சுமாரா மதியம் 1.15லேர்ந்து 3.30 வரைக்கும், அந்தத் திதி எந்த நாள்ல இருக்குன்னு பாக்கணும். காலைல சூரிய உதயத்துக்கு என்ன திதின்னு பாத்து முடிவு பண்றவங்க இங்கதான் ஒரு நாள் தவற விடுவாங்க. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வேற வரும், வருஷத்துக்கு ஒண்ணு மாத்தி மாத்திப் பாக்காதீங்க, வீட்டு வழக்கம் எதுவோ அதையே வெச்சுக்கோங்க.

என் ஓட்டு திதிக்குத்தான். தம்பி ஆகஸ்ட் 27க்கு அவன் ரூம்ல விளக்கேத்திக்கறான், எள்ளும் தண்ணியும் அஷ்டமி அன்னைக்கு. சித்தப்பா டைரில மட்டும் இன்னும் நவமி, அடிச்சு எழுத மனசு வரலையாம்.