நூல்வாரிக் குறிப்பா, பந்திச் சட்டகமா, மூல அட்டவணையா: ஒரே ஒப்படை, மூன்று திட்டங்கள்

திருகோணமலையின் உள்துறைமுகம் ஆழமானது, காற்றுக்கும் அலைக்கும் மறைவானது என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இப்படியொரு துறைமுகம் இருக்க, பிரித்தானியர் காலத்தில் கொழும்பே தீவின் முதன்மை வணிகத் துறைமுகமாக வளர்ந்தது ஏன் என்ற கேள்வி, என்னிடம் கட்டுரை எழுதப் பழக வரும் ஒரு மாணவிக்கு ஒப்படையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. 1500 சொற்களில், ஐந்து மூலங்களுக்குக் குறையாமல் எழுத வேண்டும். அதே ஐந்து மூலங்களை வைத்துக்கொண்டு அவள் மூன்று வாரங்களில் மூன்று விதமாகத் திட்டமிட்டாள். மூன்று திட்டங்களும் ஒரே மேசையில் கிடந்ததால், ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க முடிந்தது.

மூலங்கள் இவை: தீவின் பொது வரலாற்று நூல் ஒன்று, கடற்படை வரலாறு ஒன்று, ரயில் பாதையின் வரலாறு ஒன்று, ஒரு பத்திரிகைக் கட்டுரை, ஒரு சுற்றுலாக் கையேடு. இவற்றை முறையே அ, ஆ, இ, ஈ, உ என்று குறிப்பிடுகிறேன்.

முதல் திட்டம் நூல்வாரிக் குறிப்பு. கொப்பியில் ஒரு நூலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த நூல் சொல்வதை அதன் வரிசையிலேயே சுருக்கி எழுதுவது. நம் மாணவர்களில் பெரும்பாலானோர் செய்வது இதுதான், வாசிக்கும் கட்டத்தில் இதைவிட நல்ல வழியும் இல்லை. நூலாசிரியர் எந்த வாதத்தின் நடுவில் அந்தத் தகவலைச் சொன்னார் என்பது இதில்தான் தங்கும். ஆனால் இதையே கட்டுரைத் திட்டமாகக் கொள்ளும்போது கட்டுரையும் நூல்வாரியாகவே வெளிவருகிறது. அவளுடைய முதல் வரைவின் முதற் பந்தி முழுவதும் அ-வின் சுருக்கம், இரண்டாம் பந்தி முழுவதும் ஆ-வின் சுருக்கம், அப்படியே உ வரை. கேள்விக்கான விடை எந்தப் பந்தியிலும் இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டது என்ற குறிப்பு முதலாம் பக்கத்தில் இருந்தது. கொழும்பு–கண்டி ரயில் பாதை 1867-இல் திறக்கப்பட்டது என்ற குறிப்பு மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் அவளே தன் கையால் எழுதியிருந்தாள், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. அந்தச் சந்திப்பு ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது திட்டம் பந்திச் சட்டகம். ஆறு பந்திகளுக்கும் ஒவ்வொரு வரி எழுதி, வரியின் முடிவில் மூலங்களின் எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் இடுவது. வாதம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதை இதுபோலத் தெளிவாகக் காட்டும் வேறு வடிவம் எனக்குத் தெரியாது; இரண்டாம் பந்தியை நான்காவதாக மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரு அம்புக்குறியில் பார்த்துவிடலாம். இதன் குறை அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது. அவள் நான்காம் பந்திக்கு இப்படி எழுதியிருந்தாள்: “கடற்படை தன் தேவைக்காக வணிகக் கப்பல்களைத் திருகோணமலைக்கு வரவிடாமல் தடுத்தது (அ, ஆ, உ).” மூன்று மூலங்கள் ஆதரிக்கும் கூற்று என்றே படுகிறது. ஆ எந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்கிறது என்று கேட்டபோது, கடற்படையைப் பற்றிய நூல் என்பதால் அதில் இருக்கும் என்று எண்ணி எழுதியதாகச் சொன்னாள். வேண்டுமென்று செய்த தவறல்ல அது. எழுத்து ஒன்றை இடுவதற்கு நூலைத் திறக்க வேண்டிய அவசியத்தைச் சட்டகம் உண்டாக்குவதில்லை. எந்த மூலம் மௌனமாக இருக்கிறது என்பதைக் காட்ட அதில் இடமும் இல்லை.

மூன்றாவதுதான் மூல அட்டவணை. நிரல்களில் மூலங்கள், நிரைகளில் பந்திகள். வடிவம் அவ்வளவே, ஆனால் அதை எப்படி நிரப்புகிறோம் என்பதில்தான் பயன் முழுவதும் தங்கியிருக்கிறது. நிரையின் தலைப்பில் “ரயில் பாதை” என்று பொருளின் பெயரை மட்டும் எழுதினால் எல்லா மூலமும் அதற்குப் பொருந்திவிடும். ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய முழு வாக்கியமாக, அந்தப் பந்தி நிறுவப்போகும் கூற்றையே எழுத வேண்டும். கட்டத்துக்குள் சரிக்குறி இடக்கூடாது. பக்க எண்ணும், மூலம் சொல்வதன் சாரம் ஐந்தாறு சொற்களிலும் வர வேண்டும். தேடியும் கிடைக்காத கட்டத்தில் ஒரு கோடு இட வேண்டும், இன்னும் தேடாத கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். இந்தக் கடைசி வேறுபாட்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் ‘தேடினேன், இல்லை’ என்பதும் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்பதும் ஒரே வெற்றிடமாகத் தெரிந்தால் அட்டவணை பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

அவள் நிரப்பியதில் மூன்று நிரைகளை, முதல் நிரையில் மட்டும் 1867 என்ற ஆண்டைத் தந்த இ-வின் நிரலை இங்கே விட்டுவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

| பந்தியின் கூற்று | அ | ஆ | ஈ | உ |
|---|---|---|---|---|
| மலைநாட்டுக் கோப்பி கொழும்பு வழியாகவே வெளியேறியது | கோப்பிக்காகவே கண்டிப் பாதை | — | அ சொல்வதே | — |
| கொழும்பில் செயற்கைத் துறைமுகம் அமைக்கப்பட்டது | அடிக்கல் 1875, தென்மேற்குச் சுவர் நிறைவு 1885 | — | 1875 மட்டும் | — |
| கடற்படை வணிகக் கப்பல்களைத் தடுத்தது | — | தளம் பற்றி விரிவாக. தடை பற்றி இல்லை | — | “தடுத்தது”, ஆதாரம் காட்டவில்லை |

இதை நிரப்ப அவளுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. சட்டகம் இருபது நிமிடத்தில் முடிந்திருந்தது. அந்த நேரச் செலவு ஒரு குறைதான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்றாம் நிரையைப் பாருங்கள். சட்டகத்தில் மூன்று மூலங்களின் மேல் நின்ற கூற்று, இங்கே ஒரு சுற்றுலாக் கையேட்டின் மேல் மட்டும் நிற்கிறது. ஆ-வின் மௌனம் அந்தக் கூற்று பொய் என்பதற்குச் சான்றாகாது. ஆயினும் திருகோணமலைத் தளத்துக்கென்றே பல பக்கங்களை ஒதுக்கிய நூல், இருந்திருந்தால் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாதபோது, கட்டுரையின் மைய வாதத்தை அதன்மேல் நிறுத்த முடியாது.

முதல் இரண்டு நிரைகள் அடுத்தடுத்து வந்ததில்தான் கட்டுரை உயிர் பெற்றது. அதுவரை அவள், கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டியதால்தான் வணிகம் அங்கே போனது என்று எண்ணியிருந்தாள். ஆண்டுகள் கட்டங்களில் மேலும் கீழுமாக நின்றபோது வரிசை தலைகீழாகத் தெரிந்தது. கண்டிப் பாதை 1867-இல் திறக்கப்பட்டபோது கொழும்பில் காப்பான துறைமுகம் இருக்கவில்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் சரக்கு ஏற்றப்பட்டது. சரக்கு முதலில் வந்தது, துறைமுகம் அதன் பின்னால் கட்டப்பட்டது. திருகோணமலைக்கோ துறைமுகம் இயற்கையாகவே இருந்தது, சரக்குத்தான் இல்லை. மக்கள் அடர்த்தி குறைந்த வறண்ட வலயம் பின்னே விரிந்து கிடந்தது, ரயில் வந்து சேர்ந்ததே 1927-இல். கட்டுரையின் விடை கடற்படையிலிருந்து பின்னிலத்துக்கு மாறியது. இதைச் சொன்னது எந்தத் தனி நூலும் அல்ல. இரண்டு கட்டங்கள் அருகருகே வந்ததால் கிடைத்தது.

அட்டவணையை மேலிருந்து கீழாகவும் வாசிக்க வேண்டும். ஈ-யின் நிரலை அப்படி வாசித்தபோது, நிரம்பிய கட்டங்கள் எல்லாம் அ-வின் கட்டங்களை ஏறத்தாழ அதே சொற்களில் திருப்பிச் சொல்வது தெரிந்தது. பத்திரிகைக் கட்டுரையாளர் அந்தப் பொது வரலாற்றைப் பார்த்தே எழுதியிருக்கிறார். எனவே இரண்டு மூலங்களாக எண்ணியது உண்மையில் ஒன்று. உலகிலேயே சிறந்த துறைமுகம் என்று நெல்சன் சொன்னதாக வழங்கும் கூற்றுக்கும் இதே கதிதான்: அவளுடைய மூலங்களில் மூன்று அதைத் தருகின்றன, எந்தக் கடிதத்தில் அல்லது எந்த ஆவணத்தில் என்று ஒன்றுகூடக் காட்டவில்லை. நம் ஊர்ப் பெருமைக்குரிய வாசகம் என்பதால் நீக்க எனக்கும் மனமில்லை. “சொன்னதாக வழங்கும்” என்ற அடைமொழியோடு அறிமுகப் பந்தியில் இருக்க விட்டோம்.

முரண்பாடுகளை அட்டவணை வேறொரு விதத்தில் வெளிக்கொணர்கிறது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 101 என்றும் அடுத்த கட்டத்தில் 99 என்றும் இருந்தது. நூல்களைத் திரும்பப் புரட்டியதில், ஒன்று கட்டப்பட்டவற்றையும் மற்றது எஞ்சி நிற்பவற்றையும் எண்ணியிருப்பது விளங்கியது. நூல்வாரிக் குறிப்பில் இது கண்ணில் பட்டிருக்காது, சட்டகத்தில் பட்டிருக்கவே முடியாது.

அட்டவணையின் குறைகளில் முதன்மையானது, அதற்கு வரிசை தெரியாது என்பது. நிரைகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் அது நிறைவானதாகவே தோன்றும், ஏனெனில் ஒரு பந்தியிலிருந்து அடுத்த பந்தி ஏன் பிறக்கிறது என்பதைக் கட்டங்கள் சொல்வதில்லை. ஆகவே சட்டகம் இல்லாமல் அட்டவணைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது, வெறுமையான கட்டம் கண்ணை உறுத்துவதால் அதை நிரப்புவதற்காகவே தொடர்பற்ற மேற்கோளைத் தேடிக் கொண்டுவரும் பழக்கம் வருகிறது. எங்கள் அட்டவணையில் இ ஒரே ஒரு நிரையில் மட்டும் இருந்தது. ரயில் வரலாற்றுக்கு அந்த ஒரு நிரை போதும். மூன்றாவது, மூலங்கள் எட்டைத் தாண்டினால் ஏ-ஃபோர் தாளில் கட்டங்கள் சுருங்கி, சாரம் எழுத இடமின்றி மறுபடி சரிக்குறிக்குத் திரும்பிவிடுவோம். அந்த அளவுக்குப் போனால் எக்செல் தேவைப்படும், அல்லது பந்திக்கு ஒரு தாள். ஒரு பந்தியை இரண்டாகப் பிரிக்கும்போது அதன் நிரையையும் அன்றே பிரிக்காவிட்டால் பக்க எண்கள் இடம்மாறி நிற்கும் என்பதும் அனுபவத்தில் கண்டது.

ஒரே கவிதையையோ ஒரே நாவலையோ விளக்கும் கட்டுரைக்கு அட்டவணை வேண்டியதில்லை. ஒரு நிரல் மட்டுமுள்ள அட்டவணை வெறும் பட்டியல்தான். இரண்டு மூலங்களுக்கும் சட்டகம் போதும், அடைப்புக்குறிக்குள் பக்க எண்ணையும் சேர்த்து எழுதினால். மூன்று மூலங்களுக்கு மேற்பட்டு, அவை ஒன்றோடொன்று உடன்படுகின்றனவா என்பதே ஐயமாக இருக்கும் வரலாறு, சமூகவியல் போன்ற பாட ஒப்படைகளுக்கு, குறிப்பு எடுத்துச் சட்டகம் போட்ட பிறகு, வரைவு தொடங்கும் முன் அட்டவணைக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவதே என் தேர்வு.

அந்த மாணவி நான்காம் பந்தியை நீக்கவில்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதல், 1957 வரை நீடித்த பிரித்தானியக் கடற்படைத் தளம் ஆகியவற்றுக்கு ஆ-வில் பக்க எண்கள் இருந்ததால், ‘தடுத்தது’ என்ற வினையை எடுத்துவிட்டு, வணிகம் வராத துறைமுகத்தைக் கடற்படை நிரப்பியது என்று கூற்றை மாற்றி எழுதினாள். உ-வின் நிரல் முழுவதும் கோடாகிப் போனது. ஐந்தாவது மூலத்துக்காக அவள் மறுநாள் நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது.