ஹெட்செட் நுனி போனுக்குள் முறிந்தால் ஊசி எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள்

போன மாதம் கல்லடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு பஸ்ஸில் வரும்போது தங்கச்சியின் போன் விழுந்து, ஹெட்செட் பின்னின் நுனி துளைக்குள்ளேயே முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு திரையில் ஹெட்செட் அடையாளம் போகவே இல்லை. யாராவது எடுத்தால் காதில் வைத்துக் கதைக்க முடியாது, ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் வரும். நுனி உள்ளே இருக்கும்வரை ஹெட்செட் செருகியிருக்கிறது என்றே போன் எடுத்துக்கொள்ளும்.

டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். "அஞ்சு நிமிஷ வேலை தங்கச்சி" என்றவர், போனை ஓஃப் பண்ணாமலே ஊசியால் கிண்டினார். வரவில்லை. சூப்பர் குளூவை நேரே துளைக்குள் விட்டு ஈர்க்கை நுழைத்து இழுத்தார். நுனி வந்தது, அடையாளம் போகவில்லை. "மதர்போர்ட் போயிட்டு, 6,000 ரூபா முடியும்" என்றார். செய்த வேலைக்கென்று 1,500 ரூபா வாங்கிய பிறகுதான் போனைத் தந்தார். தங்கச்சி வரும் வழியெல்லாம் அழுதாள்.

கல்முனையில் வேலை தெரிந்த ஒரு அண்ணனிடம் கொண்டுபோனோம். பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். துளையின் சுவரோடு மெல்லிய தகட்டு நாக்குகள் இருக்கின்றன. நுனியின் கழுத்துப் பள்ளத்தில் ஒரு நாக்கு அழுந்திப் பிடிக்கிறது. முறிந்த துண்டு குலுக்கினாலும் விழாதது அதனால்தான். ஊசி அந்த நாக்கை வளைத்திருந்தது, குளூ வழிந்து வெள்ளையாய்ப் படிந்திருந்தது. நாக்கு பழைய இடத்துக்குத் திரும்பாததால், துளை வெறுமையாக இருந்தும் போனுக்கு அது தெரியவில்லை. மதர்போர்டில் ஒரு குறையும் இல்லை! இந்த போனில் அந்தத் துளை தனிச் சாமான். 1,200 ரூபாவுக்கு மாற்றித் தந்தார்.

குளூ பாவிப்பது பிழையில்லை, பாவித்த விதம்தான் பிழை என்றார் அவர். முதலில் போனை ஓஃப் பண்ணி, டோர்ச் அடித்துத் துண்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். துளை 3.5 மில்லிமீற்றர். சுவரில் உரசாமல் போகக்கூடிய மெல்லிய பேனா ரீபிளின் காலி முனையில் குளூவை ஒரு பொட்டளவு தொட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துளை நிலத்தைப் பார்க்கும்படி போனைப் பிடித்து, ரீபிளைக் கீழிருந்து மேலே செலுத்தினால் குளூ உள்ளே ஓடாது. துண்டில் முட்டியதும் அசைக்காமல் நன்றாக இறுகும்வரை வைத்திருந்து, நேராக இழுக்க வேண்டும். திருகினாலோ சரித்தாலோ ஒட்டு விட்டுவிடும்.

ஒரு தரம் செய்தும் வராவிட்டால் திரும்பவும் குளூ வைக்க அவர் சம்மதிப்பதில்லை. பின்மூடியைத் திறந்து, பற்றரி வயரைக் கழற்றி, துளையைத் தனியே எடுத்துத்தான் பார்ப்பாராம்.