50 நிமிட வகுப்பிலிருந்து 6 நிமிட ரிவிஷன் வீடியோ: ஒரே பாடம், மூன்று விதமான ஸ்கிரிப்ட்

பிளஸ் டூ இயற்பியலில் ஒளிமின் விளைவு. ஓர் ஆசிரியர் 50 நிமிடம் நடத்திய வகுப்பை எழுத்தாக்கினால் ஏறக்குறைய 5,000 சொல் வரும். தேர்வுக்கு முன் மாணவர் பார்க்க 6 நிமிட வீடியோ செய்யவேண்டும் என்றால், நிதானமாகப் பேசும் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல் வீதம் 600 சொல்தான் கையில் இருக்கும். கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு போகப்போகிறது. எதை வைப்பது என்பதில் பெரிய சண்டை வராது. எதை வெட்டுகிறோம் என்பதில்தான் ஒரு ஸ்கிரிப்டும் இன்னொன்றும் வேறுபடுகின்றன.

ஏன் 6 நிமிடம்? எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்வைகளில் குறைந்தது பாதி 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. தேர்வு பயத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். ஆனாலும் அந்த எல்லையை மதிப்பது நல்லது.

வகுப்பின் எழுத்துப் பிரதியில் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

"சரி, இப்போ செறிவக் கூட்டுறேன். கரண்ட் என்ன ஆகும்? கூடும். ஆனா இது மாறாது பாருங்க. இங்கேயேதான் வந்து கட் ஆகும். ஏன்னா இது எதைப் பொறுத்தது? ஆங், அதிர்வெண்."

இதில் முக்கியமான சொல் 'இது'. ஆசிரியர் போர்டில் வரைபடத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். தொட்டது நிறுத்து மின்னழுத்தம், அதாவது வெளிவரும் எலக்ட்ரான்களை முழுவதுமாகத் தடுத்து நிறுத்தும் மின்னழுத்தம். அந்தப் பெயர் பிரதியில் இல்லவே இல்லை. எந்த வழியில் ஸ்கிரிப்ட் எழுதினாலும் முதல் வேலை, வகுப்பு வீடியோவை மறுபடி ஓட்டி ஒவ்வொரு 'இது', 'இங்க', 'அதை'க்கும் உரிய பெயரை எழுதி வைப்பது. தானாக எழுத்தாக்கும் கருவிகள் செய்யும் கோளாறுகளும் இருக்கின்றன. ஆசிரியர் "ஹெச் நியூ" என்று சொன்னதை அது "எச் நீ" என்று எழுதிவைக்கும். போர்டில் அதிர்வெண்ணுக்கான ν-வும் திசைவேகத்துக்கான v-யும் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பதால், பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு சமன்பாட்டை எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

இது முடிந்தபின் மூன்று வழிகள். முதல் வழி, வகுப்பு போன வரிசையிலேயே சுருக்குவது. இரண்டாவது, தேர்வுக் கேள்விகளை வரிசையாக வைத்து அவற்றுக்கு மட்டும் பிரதியிலிருந்து பதில் எடுப்பது. மூன்றாவது, மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளிலிருந்து தொடங்குவது.

மேலே உள்ள துண்டு முதல் வழியில் இப்படி ஆகும்: "ஒளிச்செறிவு அதிகரித்தால் ஒளிமின்னோட்டம் அதிகரிக்கும். நிறுத்து மின்னழுத்தம் செறிவைப் பொறுத்ததல்ல, அதிர்வெண்ணைப் பொறுத்தது." சுத்தமாக இருக்கிறது. தவறு ஒன்றும் இல்லை. இதைக் கேட்கும் மாணவர் தலையை ஆட்டிக்கொண்டே போவார், சிக்கலும் அங்கேதான். ஏற்கெனவே ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்கும்போது தெரிந்தமாதிரி ஒரு உணர்வு வரும். விடைத்தாளில் எழுத வருமா என்பது வேறு விஷயம். தவிர, வகுப்பின் வரிசை பாடம் புரியவைப்பதற்கான வரிசை. 1887-இல் ஹெர்ட்ஸ் தற்செயலாகக் கண்டது, ஹால்வாக்ஸ், லெனார்டு, பிறகு 1905-இல் ஐன்ஸ்டீன் என்று கதை மெல்ல ஏறும். முதல் தடவை கேட்பவருக்கு அது வேண்டும். ரிவிஷனில் அந்த வரலாறே ஒன்றரை நிமிடத்தை விழுங்கிவிட்டு, கணக்குக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

ஆனால் இந்த வழி ஓரிடத்தில் மற்ற இரண்டையும் அடித்துவிடுகிறது: ஐன்ஸ்டீனின் ஒளிமின் சமன்பாட்டைப் பெறுதல். 5 மதிப்பெண் கேள்விக்கு வரிசைதான் விடை. ஃபோட்டானின் ஆற்றல் hν. அதில் ஒரு பங்கு எலக்ட்ரானை உலோகத்திலிருந்து விடுவிக்கச் செலவாகிறது, அதுதான் வெளியேற்று ஆற்றல் φ₀. மிச்சம் இயக்க ஆற்றல். எனவே hν = φ₀ + ½mv². இதைத் துண்டு துண்டாகக் கேள்விகளாக்கினால் நூல் அறுந்துபோகும். ஆசிரியர் சொன்ன வரிசையிலேயே நான்கு வரி, ஒவ்வொரு வரியும் திரையில் தங்கி நிற்க, 50 நொடி கொடுத்தால் போதும்.

இரண்டாவது வழியில் அதே துண்டு: "ஒரே நிற ஒளி. அதன் செறிவை இரண்டு மடங்காக்குகிறோம். ஒளிமின்னோட்டம், நிறுத்து மின்னழுத்தம் இரண்டில் எது மாறும், எது மாறாது? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு வரி எழுதுங்கள்." அப்புறம் ஐந்து நொடி மௌனம். பிறகு விடையும் ஒரே வாக்கியத்தில் காரணமும்: செறிவு கூடினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் அப்படியே இருக்கிறது.

அந்த ஐந்து நொடி மௌனத்தை எடிட் செய்பவர்கள் வெட்டிவிடத் துடிப்பார்கள். விடக்கூடாது. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பத்தியை மறுபடி படித்தவர்களையும் அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: 54-க்கு 68. முதல் வழியையும் இரண்டாவது வழியையும் எங்கே பிரிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான். தேர்வு அறைக்குள் போவதற்கு அரை மணி முன் பார்க்கும் வீடியோ என்றால் சுருக்கமே தேவலை. அந்த நேரத்தில் கேள்வி கேட்டுத் தெரியாமல் விழித்தால் பதற்றம்தான் மிஞ்சும். இரண்டு மூன்று நாள் முன்பே பார்ப்பார்கள் என்றால் கேள்வி வழி.

ஆனால் கேள்வி வழிக்கு விலை உண்டு. 45 நொடிக்கு ஒரு கேள்வி என்று வைத்தால், 50 நொடிச் சமன்பாடும் ஒரு நிமிடக் கணக்கும் போக, ஐந்து கேள்விகளுக்கு மேல் இடமில்லை. பாடத்தில் பாதி வெளியே நிற்கும். வினாத்தாளின் பாங்கு தெரியாதவர் இந்த ஸ்கிரிப்டை எழுதவே முடியாது. நம் பிளஸ் டூ தாளில் 70 மதிப்பெண்ணில் 25 ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்குப் போகிறது; குறுகிய கேள்விகளாக மட்டுமே அடுக்கிய ஸ்கிரிப்ட் அந்த 25-ஐத் தொடாமலே முடிந்துவிடும்.

மூன்றாவது வழிதான் எழுதக் கடினமானது, எனக்குப் பிடித்ததும் அதுவே. அது இப்படித் தொடங்கும்: "சீசியத்தின் மேல் 400 nm ஒளி விழுகிறது. வெளியேற்று ஆற்றல் 2.14 eV. ஃபோட்டானின் ஆற்றல் 1240-ஐ 400-ஆல் வகுத்தால் 3.10 eV. கழித்தால் 0.96 eV, ஆக நிறுத்து மின்னழுத்தம் 0.96 V. இப்போது அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்குகிறோம். நிறைய பேர் 1.92 V என்று எழுதுவார்கள்." பிறகு ஏன் அது தவறு என்று காட்டுவது: இரண்டு மடங்கானது ஃபோட்டானின் ஆற்றல் மட்டும், 6.20 eV. வெளியேற்று ஆற்றல் அதே 2.14. விடை 4.06 V. இந்த ஒரு கணக்கைச் செய்து முடித்த மாணவருக்குச் சமன்பாட்டில் எது மாறும், எது மாறாது என்பது கைக்குள் வந்துவிடும். (1240 என்பது நீட் தேர்வுக்கான குறுக்குவழி. போர்டு தேர்வில் hc/λ என்று எழுதி, மதிப்புகளைப் பிரதியிட்டுக் காட்டினால்தான் படிநிலைகளுக்கு மதிப்பெண். ஸ்கிரிப்டில் இதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.)

வெரிடாசியம் என்ற அறிவியல் யூடியூப் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர் சிட்னி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதைச் சோதித்திருக்கிறார். இயற்பியல் கருத்தை நேராக விளக்கும் வீடியோவை மாணவர்கள் தெளிவாக இருந்தது என்றார்கள், ஆனால் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. தவறான எண்ணத்தை எடுத்துவைத்து உடைத்துக் காட்டிய வீடியோ குழப்பமாக இருந்தது என்றவர்களே அதிகம் கற்றிருந்தார்கள்.

தவறுகளை எங்கே தேடுவது? வகுப்புப் பிரதியிலேயே இருக்கின்றன, வேறு எங்கும் போகவேண்டாம். மாணவர் இடைமறித்துக் கேட்ட சந்தேகம், ஆசிரியர் "இல்ல இல்ல, கவனிங்க" என்று திரும்பிய இடம், ஒரே விஷயத்தை மூன்றாவது தடவை சொன்ன இடம். சுருக்கும் வழியில் முதலில் குப்பைக்குப் போவது இவைதான், ஏனென்றால் பார்க்க வளவளவென்று இருக்கும். "சார், லைட்ட இன்னும் பிரைட்டா வச்சா எலக்ட்ரான் வேகமா வராதா?" என்று பின் பெஞ்சிலிருந்து வந்த ஒரு வரி, பாடத்தின் மற்ற எத்தனையோ வரிகளைவிட ரிவிஷனுக்கு உதவும்.

இதன் ஆபத்தும் கண்கூடு. பாதியில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் மாணவர் மனதில் 1.92 V மட்டும் தங்கிவிடலாம். அதனால் தவறான விடையைத் திரையில் பெரிதாகப் போடக்கூடாது. பேச்சில் மட்டும் வரட்டும், அல்லது போட்ட இரண்டு நொடியில் அடித்துவிடட்டும். சரியான விடை குறைந்தது பத்து நொடி நிற்கட்டும். இன்னொன்று, எல்லாப் பாடத்திலும் இதற்குச் சரக்கு கிடைக்காது. மின்காந்த அலைகளின் வகைகள், பயன்கள் போன்ற பட்டியல் பாடத்தில் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை, மறந்துதான் போகிறார்கள். அங்கே தவறு வழியை இழுத்துவந்தால் செயற்கையாக இருக்கும்; கேள்வி வழியே போதும்.

ஒளிமின் விளைவுக்கு நான் எடுப்பது கேள்வி வழியை எலும்புக்கூடாக வைத்த ஸ்கிரிப்ட்: நான்கு கேள்வி, நடுவில் சமன்பாடு வகுப்பு வரிசையிலேயே, கடைசி ஒன்றேகால் நிமிடம் அந்த 0.96, 4.06 கணக்கு. ஹெர்ட்ஸ் முதல் லெனார்டு வரையிலான வரலாறு முழுவதும் வெளியே. வீடியோவின் கீழே ஒரு வரிக் குறிப்பாக ஆண்டுகளை மட்டும் போட்டுவிடலாம்.

ஒத்திகையின்போது ஒரு சோதனை உதவும். பாடம் தெரிந்த ஒரு மாணவரிடம் ஸ்கிரிப்டை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு மௌனத்திலும் அவரை எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் உடனே சரியாக எழுதினால் கேள்விகள் எளிது, மாற்றவேண்டும். கேள்வியே புரியாமல் "எதைக் கேக்குறீங்க?" என்றால், பெரும்பாலும் எங்கேயோ ஒரு 'இது' பெயர் மாற்றப்படாமல் தப்பிவந்திருக்கும்.