திரையைப் படம் பிடித்து எழுத்தை மீட்டெடுத்தல்: கைப்பேசி எழுத்துணரியா, டெஸ்ஸராக்டா?

உறவினர் ஒருவரின் மருந்துக்கடையில் பழைய கணினி ஒன்று இருந்தது. அதன் யுஎஸ்பி துளைகள் வேலை செய்யவில்லை, இணைய இணைப்பு கிடையாது, பிரிண்டரும் பழுதாகிவிட்டது. அதில் இருந்த இருப்புப் பட்டியலைப் புதுக் கணினிக்குக் கொண்டுவர வேண்டுமானால், 41 திரைகளையும் கைப்பேசியில் படம் பிடித்து எழுத்தாக மாற்றுவதைத் தவிர வேறு வழி தென்படவில்லை. கைப்பேசியிலேயே இருக்கும் எழுத்துணரி, கணினியில் நிறுவிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருளான டெஸ்ஸராக்ட் ஆகிய இரண்டையும் இதற்குப் பயன்படுத்திப் பார்த்தேன். நான் டெஸ்ஸராக்டின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கைப்பேசி வழியின் வசதியை விளக்க வேண்டியதில்லை. படத்தைத் திறந்து, எழுத்தை அழுத்திப் பிடித்து, நகலெடுத்தால் முடிந்தது. ஒரு பிழைச் செய்தியையோ ஒரு பத்தியையோ எடுக்க இதுவே போதும். படத்தில் வண்ணப் பட்டைகள் ஓடினாலும் சொற்களைப் பெரும்பாலும் சரியாகவே படித்தது.

அந்தப் பட்டைகள் ஏன் வருகின்றன என்பதை அறிந்துகொண்டால், எந்த வழியில் போனாலும் பாதி வேலை குறையும். திரையின் பிக்சல்கள் ஒரு கட்டம், கேமரா சென்சாரின் பிக்சல்கள் இன்னொரு கட்டம். இரண்டின் இடைவெளிகளும் நெருங்கி வரும்போது அவற்றின் வேறுபாடு அகலமான அலைகளாகப் படத்தில் பதிகிறது. இதைத்தான் மொய்ரே என்கிறோம். கடைக் கணினியின் திரை 1366 பிக்சல் அகலம், என் படங்கள் 4000 பிக்சல் அகலம். திரை முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினால் திரைப் பிக்சல் ஒன்றுக்குச் சென்சாரில் ஏறத்தாழ 2.9 பிக்சல் கிடைக்கிறது. ஆனால் சென்சாரில் சிவப்பையும் நீலத்தையும் உணரும் புள்ளிகள் ஒன்றுவிட்டு ஒன்றாகவே இருப்பதால், அந்த நிறங்களுக்குக் கிடைப்பது 1.5 புள்ளிக்கும் குறைவு. ஒரு கட்டத்தைப் பிழையின்றிப் பதிய இரண்டு புள்ளிக்கு மேல் வேண்டும். இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் ஓடியதற்கு இதுவே காரணம். அருகில் சென்று இடப்பாதியைத் தனியாகவும் வலப்பாதியைத் தனியாகவும் எடுத்தபோது இந்த அளவு இரட்டித்தது. பட்டைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. அகலமான பட்டை ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு படத்தை எவ்வளவு மங்கலாக்கினாலும் அது போகாது. மங்கலாக்குதல் நுண்ணிய கட்டத்தைத்தான் அழிக்கும்.

பாதித் திரைப் படங்களில் மிஞ்சிய அந்த நுண்கட்டத்தை அகற்றி டெஸ்ஸராக்டுக்குக் கொடுக்க, படங்களைக் கையாளும் நிரல் நூலகமான ஓப்பன்சிவியில் எழுதிய இந்தச் சில வரிகளே போதுமானவையாக இருந்தன:

```python
import cv2
g = cv2.imread("p1.jpg")[:, :, 1]
g = cv2.GaussianBlur(g, (0, 0), 2)
g = cv2.resize(g, None, fx=0.5, fy=0.5,
               interpolation=cv2.INTER_AREA)
bg = cv2.medianBlur(g, 51)
cv2.imwrite("p1.png", cv2.divide(g, bg, scale=255))
```

முதலில் பச்சை அலைவரிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சென்சாரில் பச்சைப் புள்ளிகள் மற்ற நிறங்களைப்போல் இருமடங்கு இருப்பதால் அதில் மொய்ரே குறைவு. பிறகு சற்றே மங்கலாக்கிப் பாதியாகச் சுருக்குகிறேன். அப்போது பெரிய எழுத்தின் உயரம் 25 பிக்சல் அளவில் வந்து நிற்கிறது. டெஸ்ஸராக்டுக்கு ஏற்ற உயரமும் ஏறக்குறைய அதுதான். கடைசி இரண்டு வரிகள் பின்னணியின் ஒளியை மதிப்பிட்டு அதனால் வகுத்து, ஒருபக்கம் இருட்டும் மறுபக்கம் வெளிச்சமுமாக இருக்கும் படத்தைச் சமன் செய்கின்றன. திரையில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தால், இவற்றுக்கெல்லாம் முன்பே நிறத்தைத் தலைகீழாக்கிவிட வேண்டும். அதன் பிறகு:

```
tesseract p1.png p1 -l eng --psm 6 tsv
```

என் முடிவைத் தீர்மானித்தது சரிபார்க்கும் உழைப்பு ஒன்றுதான். எழுத்துணரி எவ்வளவு நன்றாகப் படித்தாலும் சில பிழைகள் இருந்தே தீரும். அவற்றைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதே கேள்வி. மருந்தின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கண்ணில் பட்டுவிடும். விலையில் 8 என்பது 6 ஆனால் படாது, ஏனெனில் 16.50 என்பதும் ஒரு நியாயமான விலையாகவே தோன்றும். கைப்பேசி எழுத்துணரியில் இதைப் பிடிக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. நகலெடுத்த எழுத்தோடு ஐயக்குறிப்பு எதுவும் வருவதில்லை. போதாக்குறைக்கு, பெயர்களெல்லாம் ஒரு தொகுதியாகவும் விலைகளெல்லாம் இன்னொரு தொகுதியாகவும் ஒட்டப்பட்டன. நடுவில் ஒரு விலை விடுபட்டால் அதற்குக் கீழுள்ளவை அனைத்தும் ஒரு வரி ஏறிவிடுகின்றன.

மேலே கொடுத்த கட்டளையில் உள்ள `tsv` என்ற சொல்லுக்காகவே நான் டெஸ்ஸராக்டைத் தேர்ந்தேன். அது ஒவ்வொரு சொல்லோடும் அதன் இடத்தையும், `conf` என்ற பத்தியில் 0 முதல் 100 வரையிலான நம்பிக்கை அளவையும் எழுதித் தருகிறது. 80க்குக் கீழே உள்ளவற்றை மட்டும் வடிகட்டி, முதலில் படத்தோடு ஒப்பிட்டேன். ஆனால் இந்த எண்ணை முழுதாக நம்பிவிடக் கூடாது. தவறாகப் படித்த எழுத்துக்கும் அது 90க்கு மேல் மதிப்பெண் போடுவதுண்டு. ஆகவே இட விவரத்தைக் கொண்டு வரிகளை மீண்டும் கோத்தேன். இடப்பாதியில் பெயரும் தொகுதி எண்ணும், வலப்பாதியில் அளவும் விலையும் மதிப்பும் இருந்தன. இரண்டு பாதியிலும் வரும்படி வரிசை எண் பத்தியைச் சேர்த்தே படம் எடுத்திருந்தேன். பிறகு விரிதாளில் அளவை விலையால் பெருக்கி மதிப்போடு ஒப்பிட்டேன். ஒரு வரியில் அளவு 36, விலை 16.50, மதிப்பு 666.00 என்று வந்திருந்தது. 36ஐ 16.50ஆல் பெருக்கினால் 594. படத்தைத் திறந்து பார்த்தால் விலை 18.50. புள்ளி விடுபட்டு 1850 என்று வந்தவையும் இதிலேயே சிக்கின. தொகுதி எண்களுக்கு இப்படிப்பட்ட கணக்கு எதுவும் இல்லாததால், 0வும் ஓ என்ற ஆங்கில எழுத்தும் குழம்பிய இடங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால்தான் பார்த்தேன்.

தமிழ் எழுத்து இருந்த திரைகள் மூன்று நான்குதான் என்பதால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. பார்த்த அளவில், சிறிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு திரைப் பிக்சல்தான்; அது மங்கலாக்கும்போதே கரைந்துவிடுகிறது. அந்தத் திரைகளைக் கைப்பேசியிலேயே எடுத்தேன், அது மேலாகவும் இருந்தது.

கண்ணாடிபோல் மின்னும் திரையின் எதிரொளிப்பில் இரண்டு வழிகளுமே தோற்றன. ட்யூப்லைட் விழுந்த இடத்தில் பிக்சல் மதிப்பு 255ஐத் தொட்டுவிட்டால் அங்கே மீட்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. வியாபார நேரத்தில் விளக்கை அணைக்க முடியாது. எனவே கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, எனக்குப் பின்னால் ஒரு கருப்புப் போர்வையை ஒருமுறை இடப்புறமும் ஒருமுறை வலப்புறமும் பிடிக்கச் சொல்லி இரண்டு படங்கள் எடுத்தேன். எதிரொளிப்பு வெளிச்சத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. ஆகவே `cv2.min` கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டில் இருண்டதைத் தேர்ந்தால் வெள்ளைத் திட்டு நீங்கிவிடும். போலராய்டு கறுப்புக் கண்ணாடியைக் கேமராவின் முன் பிடித்து, எல்சிடி திரை மிகப் பிரகாசமாகத் தெரியும்வரை சுழற்றுவதும் உதவும். திரையின் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்வதால் அது பெரும்பாலும் கடந்துவிடும். எதிரொளிப்போ ஏறக்குறைய பாதியாகும்.

இதில் ஒரு பொறி உண்டு. எதிரொளிப்பில் முழுதாக மறைந்த வரி `conf` பட்டியலில் குறைந்த எண்ணோடு வருவதில்லை. அது வருவதே இல்லை. பெருக்கல் சோதனையிலும் அது சிக்காது. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது வரிசை எண்தான்: 412க்கு அடுத்து 415 இருந்தது. அந்த ஒரு திரையை மட்டும் மறுநாள் காலை, கடையைத் திறப்பதற்கு முன் விளக்கை அணைத்துவிட்டு மீண்டும் எடுத்தேன்.