எங்கள் மளிகைக் கடையில் உண்மையில் சம்பாதிப்பது எது: மூன்று ஆண்டு கணக்கு

எங்களுடையது ஏறத்தாழ 600 பொருள்கள் வைத்திருக்கும் சிறிய மளிகைக் கடை. பில் போடும் இயந்திரம் கிடையாது. 2022 முதல் மாதந்தோறும் ஒரு கணக்கு எழுதி வருகிறேன். எல்லாப் பொருளுக்கும் எழுத முடியாது என்பதால், அதிகம் விற்பவற்றிலும் அதிகப் பணம் முடங்குபவற்றிலும் 40 பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன். மாதக் கடைசி நாள் கடை அடைத்த பிறகு அவற்றின் இருப்பை எண்ணுவோம். மாத ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, எண்ணி வந்த இருப்பைக் கழித்தால் விற்ற அளவு கிடைத்துவிடும். கைப்பேசியில் உள்ள விரிதாளில் B கொள்முதல் விலை, C விற்பனை விலை, D விற்ற அளவு, E சேதாரமும் இதர செலவும். மாத லாபத்துக்கான சூத்திரம்:

```
=(C2-B2)*D2-E2
```

நாங்கள் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் இருப்பதால் கொள்முதலில் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது. ஆகவே B-யில் வரியோடு சேர்ந்த விலையையே எழுத வேண்டும். முதல் இரண்டு மாதம் வரி இல்லாத விலையை எழுதி, எல்லாப் பொருளும் நல்ல லாபம் தருவதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கணக்கு முதலில் மாற்றியது செக்கு நல்லெண்ணெயைப் பற்றிய என் எண்ணத்தை. லிட்டர் 320 ரூபாய்க்கு வாங்கி 400-க்கு விற்பதால், விற்பனை விலையில் 20 சதவீதம் நிற்கிறது. பால் பாக்கெட்டிலோ 24 ரூபாயில் ஒன்றேகால் ரூபாய்தான் நமக்கு. ஐந்து சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆனால் எண்ணெய் மாதத்துக்கு 6 பாட்டில்தான் போகிறது, கிடைப்பது 480 ரூபாய். பால் நாளொன்றுக்கு 90 பாக்கெட் வீதம் 2,700 விற்று 3,375 ரூபாய் தருகிறது. ஒழுகிப் போன 15 பாக்கெட்டின் விலையையும் குளிர்பெட்டி மின்கட்டணத்தில் பாலின் பங்காக 900 ரூபாயையும் கழித்தாலும் 2,100-க்கு மேல் நிற்கிறது. அதைவிட முக்கியமானது முடங்கிய பணம். பாலில் ஒரு நாள் சரக்கான ஏறக்குறைய 2,050 ரூபாய் மட்டுமே முடங்குகிறது. எண்ணெயில் 24 பாட்டில் கொண்ட பெட்டியாக வாங்கியதால் 7,680 ரூபாய் அலமாரியில் நின்றது. எண்ணெயை நிறுத்தவில்லை, செக்குக்காரரிடம் பேசி ஆறு ஆறு பாட்டிலாக வாங்கத் தொடங்கினோம். லாபம் அதே 480 ரூபாய்தான், முடங்கும் பணம் 1,920 ஆகக் குறைந்துவிட்டது.

சில்லறையாக நிறுத்து விற்கும் பருப்பில்தான் கணக்கு அதிகம் ஏமாற்றும். உளுத்தம் பருப்பு கிலோ 110-க்கு வாங்கி 124-க்கு விற்கிறோம். மாதம் இரண்டு மூட்டை, அதாவது 100 கிலோ, ஆகவே 1,400 ரூபாய் லாபம் என்று எழுதி வந்தேன். ஒருமுறை ஒரு மூட்டையைப் பிரித்ததிலிருந்து காலியாகும்வரை விற்ற எடையை எல்லாம் குறித்து வந்தோம்; 49.2 கிலோதான் வந்தது. தராசில் முள் தாண்டும் அளவுக்குச் சற்றுத் தாராளமாகப் போடுவதும் கீழே சிந்துவதும் சேர்ந்து 800 கிராமை விழுங்கியிருந்தன. இரண்டு மூட்டைக்குக் கணக்கிட்டால் உண்மையான லாபம் 1,200 ரூபாய்தான். அரைக் கிலோ கவர்களின் விலை 120-ஐயும் கழித்தால் நின்றது 1,080 மட்டுமே. இப்போது கூட்டம் இல்லாத மதிய வேளையில் முன்கூட்டியே எடை போட்டுக் கட்டி வைக்கிறோம், குறைவு மூட்டைக்கு 300 கிராமுக்குள் வந்துவிட்டது. சில்லறைப் பொருள் வைத்திருப்பவர்கள் E-யை வெறுமையாக விட்டால் இந்தக் கணக்கே பயன்படாது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, அதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். தேங்காயில் அழுகலைக் கழித்தால் ஒன்றுமே நிற்கவில்லை என்று தாள் காட்டியதால் 2023 ஆடி மாதத்துக்கு முன் அதை நிறுத்தினேன். ஆடி வெள்ளிக்கிழமைகள் உள்ள மாதத்தில் ஏற வேண்டிய கற்பூரம், ஊதுபத்தி, வெற்றிலைபாக்கு விற்பனை முந்தைய மாதத்தைவிடக் குறைந்தது. தேங்காய்க்கு வேறு கடைக்குப் போனவர்கள் மற்றதையும் அங்கேயே வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரியில் பார்க்கும் தாளில் இந்தத் தொடர்பு தெரியாது. இரண்டாவது மாதமே தேங்காயைத் திரும்பக் கொண்டுவந்து, அதற்கும் பூஜைப் பொருள்களுக்கும் சேர்த்து ஒரே கூட்டுத்தொகை போடுகிறேன். அன்றிலிருந்து எந்தப் பொருளை நீக்குவதானாலும் ஒரு மாதம் அளவைக் குறைத்துப் பார்த்து, அதோடு சேர்ந்து விற்கும் பொருள்களின் D வரிசை இறங்குகிறதா என்று கவனித்த பிறகே முடிவெடுக்கிறோம்.