நீலப் பாவா, பச்சைப் பாவா: மயில்கழுத்துப் பட்டின் இரு முகங்கள்

தி. நகர்க் கடையொன்றில் பாயில் விரித்துக் காட்டியபோது நீலமாகத் தெரிந்த பட்டுச்சேலை, தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றதும் பச்சையாகத் தெரிந்தது. விற்பனையாளர் "டபுள் ஷேட், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தார். அவர் சொன்னது உண்மை. ஆனால் எந்த நிறம் எங்கே தெரியும் என்பது முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒன்று. அதை அறியாமல் வாங்கி, நீலத்துக்கென்று ரவிக்கை தைத்து, கல்யாண மண்டபத்தில் பச்சைச் சேலையோடு நின்றவள் நான். ஆகவே, ஒரே இரண்டு நிற நூல்களைக் கொண்டு நெய்யக்கூடிய இரண்டு சேலைகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் பாவு நீலம், ஊடை பச்சை. மற்றொன்றில் பாவு பச்சை, ஊடை நீலம். இரண்டையும் கடையில் மயில்கழுத்து என்றே சொல்வார்கள்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்ட நூல், அதாவது சேலையின் ஐந்தரை மீட்டர் நீளம் முழுவதும் ஓடும் நூல். ஊடை என்பது நாடா என்ற தறிக் கருவியில் ஏறி, கரைக்குக் கரை குறுக்கே போய்த் திரும்பும் நூல். சேலை உடலின் நெசவு பெரும்பாலும் ஒன்று மேலே ஒன்று கீழே என்ற எளிய பின்னல்தான் என்பதால், துணியின் எந்த இடத்தை எடுத்தாலும் இரண்டு நூல்களும் ஏறக்குறைய சம அளவில் மேலே தெரிந்துகொண்டிருக்கும். நூல்கள் மிக மெல்லியவை என்பதால் கைநீளத் தூரத்திலேயே கண் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இரண்டின் சராசரியை ஒரு நிறமாக எடுத்துக்கொள்கிறது. இதோடு நின்றிருந்தால் கிடைப்பது அசையாத ஒரு கலப்பு நிறம் மட்டுமே. பருத்தியில் இரு நிறங்களை நெய்தால் பெரும்பாலும் அவ்வளவுதான் கிடைக்கும்.

பட்டில் நிறம் மாறுவதற்குக் காரணம் அதன் இழை ஒளியைத் திருப்பும் விதம். கோந்து நீங்கக் காய்ச்சிச் சாயமேற்றிய பட்டு இழை, முனை மழுங்கிய முக்கோண வெட்டுமுகம் கொண்ட நீண்ட, வழுவழுப்பான கம்பி. அதன் மேற்பரப்பில் பட்ட மாத்திரத்தில் திரும்பும் ஒளி வெண்மையாகவே இருக்கும். இழைக்குள் புகுந்து, சாயத்தைக் கடந்து, பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி வரும் ஒளிதான் நிறத்தோடு பளபளக்கும். இந்தப் பளபளப்பு எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதில்லை. ஒரு வெள்ளிக் கம்பியை விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். விளக்கிலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து கண்ணுக்கும் வரும் பாதை கம்பிக்குக் குறுக்காக இருந்தால், கம்பி நெடுகிலும் ஒரு கோடு மின்னும். அதே பாதை கம்பியின் நீளவாக்கிலேயே ஓடினால், ஒரே ஒரு சாய்வில் மட்டும் ஒரு கணம் மின்னிவிட்டு மற்ற நேரமெல்லாம் அது மங்கிக் கிடக்கும். பட்டுத் துணியில் இப்படிப்பட்ட கம்பிகள் இரண்டு தொகுதிகளாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கிடக்கின்றன. எந்தத் தொகுதி ஒளியின் பாதைக்குக் குறுக்கே கிடக்கிறதோ, அதன் நிறம் மேலோங்கும்.

இப்போது சேலையை உடுத்திப் பார்க்கலாம். கொசுவத்தில் சேலையின் நீளம் உடலைச் சுற்றிக் கிடையாகப் போகிறது. ஆகவே பாவு கிடையாகவும் ஊடை நெடுக்காகவும் இருக்கும். அதே சேலை தோளில் ஏறி முதுகில் தொங்கும்போது அதன் நீளம் மேலிருந்து கீழாக இறங்குகிறது. அங்கே பாவு நெடுக்காகிறது, ஊடை கிடையாகிறது. உடுத்தும் எவருக்கும் தெரிந்த செய்திதான் இது. ஆனால் இதிலிருந்து வரும் விளைவைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மண்டபத்தில் விளக்குகள் மேலே இருக்கின்றன, பார்ப்பவர் எதிரே நிற்கிறார். ஒளி மேலிருந்து வந்து முன்னே திரும்புகிறது. அதற்குக் குறுக்கே கிடப்பவை கிடையான நூல்கள். எனவே கொசுவத்தில் பாவின் நிறம் ஒளிரும், முதுகுப்பக்கம் ஊடையின் நிறம் ஒளிரும். நீலப் பாவு கொண்ட சேலையில் கொசுவம் நீலமாகவும் முதுகு பச்சையாகவும் தெரியும். பச்சைப் பாவு கொண்டதில் இது அப்படியே தலைகீழாகும். பகல் நேரத்தில் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தால் கணக்கு திரும்பிவிடும். அப்போது நெடுக்கான நூல்களே குறுக்கே நிற்பதால், கொசுவத்தில் ஊடையின் நிறம் மேலெழும்.

என் கடை அனுபவமும் இதே கணக்குத்தான். பாயில் சேலையை நம் முன்னே இடமிருந்து வலமாக விரிப்பார்கள், மேலே டியூப் லைட் எரியும். பாவு நமக்குக் குறுக்கே கிடப்பதால் அதன் நீலம் கண்ணில் பட்டது. தோளில் போட்டதும் பாவு நெடுக்காகி, ஊடையின் பச்சை வந்தது. நான் பாயில் கண்ட நிறத்தை நம்பினேன். மேடையில் நின்று அட்சதை போட்டபோது கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது என் முதுகை.

இரண்டில் எதை எடுப்பது என்றால், சபைக்கு முகம் காட்டி உட்காரும் மணப்பெண்ணுக்கு நான் கொசுவத்தை வைத்தே முடிவு செய்வேன்: எந்த நிறம் அவள் முகத்துக்கு எடுப்போ அது பாவாக இருக்கட்டும். வரிசையில் நின்று, திரும்பி நடந்து, பரிமாறிக்கொண்டிருக்கும் உறவுப் பெண்களுக்கு இந்த வேறுபாடு அவ்வளவு பெரிதில்லை. நடக்க நடக்க இரண்டு நிறங்களும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

தறியிலிருந்து சொல்லி நெய்து வாங்குபவர்களுக்கு இன்னொரு வரம்பு உண்டு. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளரிடம் பாவை மாற்றித் தர முடியுமா என்று கேட்டபோது அவர், "பாவு ஏத்தினது ஏத்தினதுதாம்மா, ஊடை வேணா எந்த கலர் சொன்னாலும் போட்டுத் தரேன்" என்றார். ஒரு பாவில் அடுத்தடுத்துப் பல சேலைகள் நெய்யப்படுகின்றன. எனவே பாவின் நிறம் பலருக்குமாக ஏற்கனவே முடிவாகியிருக்கும், நம் விருப்பத்துக்கு எஞ்சியிருப்பது ஊடை மட்டுமே. அவர் அன்று தறியில் இருந்த நீலப் பாவிலேயே நாடாவில் ஊடை நூல் சுற்றிய தாரை மாற்றி மாற்றி, சாண் அளவுக்கு மூன்று ஊடைகளை நெய்து காட்டினார்.

பச்சை ஊடை போட்ட சாண் எதிர்பார்த்தபடியே வந்தது. நீலமும் பச்சையும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள், அடர்த்தியிலும் நெருங்கியவை. அவற்றின் சராசரியும் தெளிவான ஒரு நீலப்பச்சைதான் என்பதால், தூரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அழுக்கடையவில்லை. மஞ்சள் ஊடை போட்ட சாண் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று வண்ணக்குழம்பில் கற்றிருக்கிறோம். ஆனால் நூலில் சாயங்கள் கலப்பதில்லை, தனித்தனி இழைகளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணில் கலக்கிறது. அதனால் கிடைத்தது சாம்பல் சாய்ந்த, மங்கிய ஒரு பச்சை. அதோடு மஞ்சள் நீலத்தைவிட மிக வெளிர் என்பதால், அருகில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தபோது நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியதாகத் தோன்றாமல், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறியதாகவே தோன்றியது. வெளிரும் அடர்வும் மோதும் எந்த ஜோடியிலும் வெளிர் நிறமே ஆளும், மற்றது நிழலாகிவிடும். சிவப்பு ஊடை போட்ட மூன்றாவது சாண் கத்தரிப்பூ நிறமாக நின்றது, மடிப்பின் முகட்டில் மட்டும் சிவப்பு பளீரென்று ஓடியது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இந்தக் கணக்கை, சிவப்பும் பச்சையும் சேர்த்து நெய்யும் மாந்துளிருக்குப் பொருத்தினால் அதன் தன்மையும் விளங்கும். சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள். அவற்றின் சராசரி செம்பழுப்பு, இளம் மாவிலையின் நிறம். பத்தடி தூரத்தில் மயில்கழுத்து இன்னும் பளிச்சென்றிருக்கும்போது மாந்துளிர் அடங்கிப்போய்த் தெரியும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், ஒரே மடிப்பில் சிவப்பும் பச்சையும் பிரிந்து நிற்பதில் மாந்துளிரே விஞ்சும். மேடைக்கு முன்னது, வீட்டு விசேஷத்துக்குப் பின்னது என்பது என் கருத்து.

கரையிலும் இதே விதி வேலை செய்கிறது. கோர்வை முறையில் கரைக்குத் தனி நாடா, தனி ஊடை என்பதால் அரக்குக் கரை அரக்காகவே நிற்கும். கோர்வை இல்லாத சேலையில் உடலின் பச்சை ஊடை கரைக்குள்ளும் நுழைந்து, அரக்குப் பாவோடு சேர்ந்து அதைப் பழுப்பாக்கிவிடும். கரை மங்கலாக இருக்கிறதே என்று சாயத்தைக் குறை சொல்லும் பல இடங்களில் காரணம் இதுதான்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை சிறியது. சேலையை விரித்து, நீங்கள் நகராமல் துணியை மட்டும் கால் சுற்றுத் திருப்புங்கள், நிறம் மாறவேண்டும். அரைச் சுற்றுத் திருப்பினால் கிட்டத்தட்ட பழைய நிறமே திரும்பி வரவேண்டும். எது பாவு என்று அறிய முந்தானையின் குஞ்சத்தைப் பாருங்கள், அங்கே தொங்குவது பாவு நூல்தான். முந்தானை தனிப் பாவு இணைத்து நெய்யப்பட்டதாக இருந்தால் குஞ்சம் உடலின் பாவைக் காட்டாது, ஆகவே அப்போது சேலையின் மறுமுனையில் பார்க்கவேண்டும். துணியில் குறுக்கே பட்டை பட்டையாக நிற வேறுபாடு தெரிந்தால், ஊடை நூலின் சாயம் தொகுதிக்குத் தொகுதி மாறியிருக்கிறது, அல்லது ஊடையை நெருக்கித் தட்டும் தறி அச்சின் அழுத்தம் சீராக இல்லை. ஊடை நெருங்கிய இடத்தில் ஊடையின் நிறம் கூடும் என்பதால், ஒரே நிறச் சேலையில் மறைந்துபோகும் இந்த அழுத்தக் குறை இங்கே அப்பட்டமாகத் தெரியும். ஒன்றை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது: அது பட்டுத்தானா என்பதை. வழுவழுப்பான பாலியஸ்டர் இழையும் இதே வித்தையைக் காட்டும்.

ரவிக்கைத் துண்டும் அதே பாவில், அதே ஊடையில் நெய்யப்பட்டதுதான். துணி மிச்சமாகட்டும் என்று தையற்காரர் கைப்பகுதியைக் குறுக்கே வெட்டினால், உடல் ஒரு நிறமாகவும் கை வேறு நிறமாகவும் வந்துவிடும். இரண்டாவது முறை நான் துண்டின் மேல் சாக்குக்கட்டியால் பாவின் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டு, எல்லாத் துண்டுகளையும் அந்தத் திசையிலேயே வெட்டும்படி சொல்லிக் கொடுத்தேன். கால் மீட்டர் துணி கூடுதலாகத் தேவைப்பட்டது, ஆனால் கையும் உடலும் ஒரே நேரத்தில் நீலமாகி, ஒரே நேரத்தில் பச்சையாகின்றன.