பெயர்ப்பலகையைத் திருத்தவில்லை, போட்டோவைத்தான் திருத்தினார்கள்

வாசலுக்குப் பித்தளைப் பெயர்ப்பலகை ஆர்டர் கொடுத்திருப்பவர்கள், பாக்கிப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'சண்முகம் இல்லம்' என்று எழுதிக் கொடுத்திருந்தோம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ரெண்டு சுழி 'ன' போட்டு 'சன்முகம்' என்று வெட்டியிருந்தது. போன் செய்தால், "கவலைப்படாதீங்க சார், வேற தகடுல புதுசா போட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர். மறுநாளே மூணு சுழி 'ண'வோடு படம் வந்துவிட்டது. "ரெடி சார். பேலன்ஸ் போட்டுவிட்டீங்கன்னா பார்சல் அனுப்பிடலாம்."

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன். அந்த ஓர் எழுத்து மட்டும் கண்ணை உறுத்தியது. குடைந்த எழுத்து என்பது பள்ளம். வெளிச்சம் இடது மேல் பக்கமிருந்து வந்தால் பள்ளத்தின் இடது மேல் ஓரம் இருட்டாகவும், எதிரேயுள்ள வலது கீழ்ச் சுவர் மின்னியும் தெரியும். தெரியாதவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, எழுத்தைப் புடைத்து நிற்க வைத்துவிடுவார்கள். இந்த ஆள் விவரமானவர். போட்டோஷாப்பில் Bevel & Emboss போட்டு, Direction-ஐ Down ஆக்கி, Angle-ஐயும் ஜன்னல் பக்கம் திருப்பியிருக்கிறார் போல; நிழல் சரியாகவே விழுந்திருந்தது.

கோட்டை விட்டது நிறத்தில். அந்தப் பெட்டியில் ஹைலைட் நிறம் வெள்ளையாகத்தான் இருக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். மற்ற எழுத்துகளின் ஓரம் பித்தளைக்கே உரிய வெளிர் மஞ்சளில் மின்ன, 'ண' மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. தகட்டில் உப்புத்தாள் தேய்த்த மெல்லிய கோடுகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடுகின்றன. 'ண'வைச் சுற்றி மட்டும் மழுங்கிப்போய், பக்கத்திலேயே இரண்டு இடத்தில் ஒரே கீறல். பழைய எழுத்தை அழிக்க ஸ்டாம்ப் டூலால் பக்கத்து உலோகத்தை எடுத்து ஒட்டிய தடம் அது.

சந்தேகம் தீர, இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல் லேயரை Difference-க்கு மாற்றினேன். ஒரே மாதிரி உள்ள இடமெல்லாம் கறுப்பாகிவிடும். வேறு தகட்டைக் கையில் பிடித்து மறுபடி எடுத்த படம் இம்மி பிசகாமல் பொருந்த வாய்ப்பே இல்லை. இங்கே திருகு ஓட்டை, விரல் ரேகை எல்லாம் கறுப்பில் மறைந்து, நடுவில் 'ண' மட்டும் பளிச்சென்று நின்றது.

"வீடியோ அனுப்புங்க" என்றேன். "பையன் கம்ப்யூட்டர்ல மாதிரி போட்டுக் காட்டினான் சார்" என்று மழுப்பினார். கிரகப்பிரவேசம் பலகை இல்லாமலேயே முடிந்தது.

உங்களுக்கு போட்டோஷாப் தெரிய வேண்டியதில்லை. இருட்டில் பலகையை நிறுத்தி, செல்போன் டார்ச்சை மேலிருந்து கீழே கொண்டுவந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டார்ச் மேலே இருக்கும்போது எழுத்துகளின் கீழ் ஓரமும், கீழே வந்ததும் மேல் ஓரமும் மின்ன வேண்டும். எல்லா எழுத்திலும் அப்படி மாறினால் பணம் அனுப்பலாம். என் அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.